எந்தப் பத்தி எந்தத் தலைப்பைச் சேர்ந்தது? இணையப் பக்கத்தில் தலைப்பு நிலைகளின் வேலை

மனை வாங்கிய ஒருவர் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்று விளக்கும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். உட்பிரிவு இல்லாத மாறுதல், உட்பிரிவுடன் கூடிய மாறுதல், வாரிசு முறையில் மாறுதல் என மூன்று வகைகளை அந்தப் பக்கம் விளக்கியாக வேண்டும். நிலம் முழுவதையும் எல்லை மாறாமல் வாங்கியவருக்குப் புதிதாக அளக்கும் வேலை இல்லை. அதில் ஒரு பகுதியை மட்டும் வாங்கியவருக்கு நில அளவையர் வந்து அளந்து, தனி உட்பிரிவு எண் கொடுத்தாக வேண்டும். தந்தை இறந்தபின் பட்டாவை மாற்றுபவரிடம் கிரயப் பத்திரம் இருக்காது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேட்பார்கள். ஆகவே ‘தேவையான ஆவணங்கள்’ என்ற தலைப்பு அந்தப் பக்கத்தில் மூன்று இடங்களில் வரக்கூடும். மூன்று இடத்திலும் அதன் கீழே இருக்கும் செய்தி வேறு.

இத்தகைய பக்கத்தில்தான் தலைப்பு நிலைகளின் வேலை தெளிவாகத் தெரியும். எச்.டி.எம்.எல். மொழியில் `<h1>` முதல் `<h6>` வரை ஆறு நிலைகள் உள்ளன. அந்த எண்ணை எழுத்தின் அளவு என்று நினைத்துக்கொள்வதுதான் எங்கும் பரவலாகக் காணப்படும் பிழை. எண் சொல்வது சார்பைத்தான். ஒரு `<h3>` தனக்கு முன்னால் வந்த `<h2>`-இன் உட்பகுதி என்று அந்த எண் அறிவிக்கிறது. எழுத்து எவ்வளவு பெரிதாக, எந்த நிறத்தில் தெரிய வேண்டும் என்பதை சி.எஸ்.எஸ். தனியாகத் தீர்மானிக்கும், `<h2>`-ஐச் சிறிதாகவும் `<h4>`-ஐப் பெரிதாகவும் காட்ட எந்தத் தடையும் இல்லை.

## தவறான படிநிலை எப்படி உருவாகிறது

மேற்சொன்ன பக்கத்தைக் கவனமுள்ள ஒருவர்தான் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வகையின் தலைப்புக்கு `<h2>` கொடுத்துப் பார்க்கிறார். எழுத்து மிகப் பெரிதாகத் தெரிகிறது, இரண்டு வரிக்கு ஓடுகிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தை மனத்தில் வைத்து வடிவமைத்த வார்ப்புருக்களில் இது அடிக்கடி நடக்கும். உடனே அதை `<h4>` ஆக்குகிறார், பார்வைக்கு அடக்கமாகிவிடுகிறது. அடுத்து ‘தேவையான ஆவணங்கள்’ என்பதைத் தடித்த எழுத்தாக மட்டும் போடுகிறார். சில நாள் கழித்து மற்ற இரண்டு வகைகளைச் சேர்க்கும்போது வேறு அளவுகளைத் தேர்ந்தெடுக்கிறார். முடிவில் பக்கத்தின் தலைப்புகள் இப்படி நிற்கின்றன:

```html
<h1>பட்டா மாறுதல் செய்வது எப்படி?</h1>
<h4>உட்பிரிவு இல்லாத மாறுதல்</h4>
<p><b>தேவையான ஆவணங்கள்</b></p>
<h2>உட்பிரிவுடன் மாறுதல்</h2>
<h2>தேவையான ஆவணங்கள்</h2>
<h3>வாரிசு முறையில் மாறுதல்</h3>
<h2>தேவையான ஆவணங்கள்</h2>
```

திரையில் பார்ப்பவருக்கு இதில் பெரிய குறை தெரியாது. இடைவெளி, தடிமன், நிறம் ஆகியவற்றைக் கொண்டு அவர் கண்ணாலேயே ஒழுங்கை ஊகித்துக்கொள்வார். ஆனால் குறிகளை மட்டும் படித்தால் இந்தப் பக்கம் வேறொன்றைச் சொல்கிறது. உட்பிரிவு இல்லாத மாறுதல் என்பது, எங்கோ விடுபட்டுப்போன இரண்டு நிலைகளுக்குக் கீழே கிடக்கும் சிறு குறிப்பாகிவிட்டது. அதற்குரிய ஆவணங்கள் என்ற பகுதி தலைப்புப் பட்டியலிலேயே இல்லை, ஏனெனில் தடித்த எழுத்து தலைப்பு ஆகாது. வாரிசு முறை மாறுதலோ, உட்பிரிவு வகையின் ‘தேவையான ஆவணங்கள்’ என்ற தலைப்புக்குள் அடங்கிய உட்பகுதியாகப் பதிவாகியிருக்கிறது. தந்தை இறந்தபின் பட்டா மாற்ற வந்தவர், தமக்குரிய பகுதி நில அளவை தொடர்பான ஆவணங்களுக்குள் இருக்கும் என்று எப்படித் தேடுவார்?

இதைச் சரிசெய்யத் தலைப்பின் ஒரு சொல்லைக்கூட மாற்றி எழுத வேண்டியதில்லை. எண்களை மாற்றி, தடித்த எழுத்தில் போட்ட வரிக்கும் தலைப்புக் குறி கொடுத்தால் போதும்.

```html
<h1>பட்டா மாறுதல் செய்வது எப்படி?</h1>
<h2>உட்பிரிவு இல்லாத மாறுதல்</h2>
<h3>தேவையான ஆவணங்கள்</h3>
<h2>உட்பிரிவுடன் மாறுதல்</h2>
<h3>தேவையான ஆவணங்கள்</h3>
<h2>வாரிசு முறையில் மாறுதல்</h2>
<h3>தேவையான ஆவணங்கள்</h3>
```

மூன்று வகைகளும் இப்போது ஒரே நிலையில் நிற்கின்றன. ஒவ்வொன்றின் ஆவணங்களும் அதனதன் கீழே வந்துவிட்டன. எழுத்தின் அளவு பொருந்தவில்லையென்றால் அதைச் சி.எஸ்.எஸ். வழியாகக் குறைக்க வேண்டும், நிலையைக் குறைக்கக் கூடாது. தமிழுக்கு எழுத்தளவோடு வரி உயரத்தையும் பார்க்க வேண்டும்: இரண்டு வரிக்கு ஓடும் தலைப்பில் மேல்வரியின் உகரக் குறிகள் கீழ்வரியின் மேல்விலங்குகளோடும் புள்ளிகளோடும் இடிக்காதபடி `line-height` மதிப்பைச் சற்றுக் கூட்டிவைப்பது நல்லது. தலைப்பு பார்வைக்கு உறுத்துகிறது என்று எழுதுபவர் உணரும் பல இடங்களில் உண்மையான காரணம் இந்த வரி நெருக்கமாகத்தான் இருக்கும்.

மேலிருந்து கீழே இறங்கும்போது நிலையைத் தாண்டக் கூடாது. `<h2>`-க்கு அடுத்து `<h4>` வந்தால் நடுவில் ஏதோ விடுபட்டது போல் ஆகிவிடும். ஆனால் மேலே ஏறும்போது தாண்டலாம். ஒரு `<h4>` பகுதி முடிந்து அடுத்த பெரிய பகுதி தொடங்குகிறதென்றால் நேராக `<h2>` வருவதே சரி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஏறும்போதும் படிப்படியாக ஏற வேண்டும் என்று நினைத்துத் தேவையற்ற தலைப்புகளைச் செருகுபவர்கள் உண்டு.

## காதால் படிப்பவருக்கு இது என்ன செய்கிறது

பார்வையற்றவர்களும் பார்வைக் குறைபாடு உடையவர்களும் கணினியில் என்.வி.டி.ஏ., ஜாஸ், வாய்ஸ்ஓவர் போன்ற திரைவாசிப்பான்களைக் கொண்டு பக்கங்களைப் படிக்கிறார்கள். அவர்கள் ஒரு நீண்ட பக்கத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை கேட்பதில்லை. என்.வி.டி.ஏ., ஜாஸ் இரண்டிலும் `H` விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குப் போகலாம். `Shift+H` முந்தைய தலைப்புக்குக் கொண்டுவரும். `2` என்ற எண்ணை அழுத்தினால் அடுத்த இரண்டாம் நிலைத் தலைப்புக்கும், `3` அழுத்தினால் அடுத்த மூன்றாம் நிலைத் தலைப்புக்கும் தாவலாம். என்.வி.டி.ஏ.வில் `Insert+F7` அழுத்தி, திறக்கும் பெட்டியில் தலைப்புகளைத் தேர்ந்தெடுத்தாலோ, ஜாஸில் `Insert+F6` அழுத்தினாலோ பக்கத்தின் தலைப்புகள் பட்டியலாகத் தெரியும். ஒவ்வொரு தலைப்பைப் படிக்கும்போதும் அதன் நிலை எண்ணையும் கருவி சேர்த்துச் சொல்லும்.

இணையத்தை எல்லாரும் அணுகும்படி செய்வதற்காக இயங்கும் வெப்எய்ம் அமைப்பு, திரைவாசிப்பான் பயன்படுத்துவோரிடம் தொடர்ந்து கருத்துக்கணிப்பு நடத்தி வருகிறது. நீண்ட பக்கத்தில் ஒரு செய்தியைத் தேட முதலில் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, தலைப்புகள் வழியாகத் தாவிச் செல்வோம் என்ற விடையே அவற்றில் முதலிடம் பெற்று வருகிறது. அண்மைக் கணிப்பில் பத்துப் பேரில் ஏழு பேர் அளவுக்கு இதைச் சொன்னார்கள். பக்கத்திலுள்ள தேடல் வசதி, இணைப்புகள், பகுதிக் குறிகள் எல்லாம் அதற்கு வெகு பின்னால்தான் வருகின்றன.

இதை மனத்தில் வைத்து, திருத்தாத பட்டாப் பக்கத்தை ஒருவர் கேட்டுச் செல்வதை நினைத்துப் பாருங்கள். அவர் வகைகளை அறிய `2` அழுத்துகிறார். முதல் தலைப்பாக ‘உட்பிரிவுடன் மாறுதல்’ ஒலிக்கிறது; அதற்கு முன்னால் இருக்கும் உட்பிரிவு இல்லாத வகையை அவர் தாண்டிவிட்டார், தாண்டியதும் அவருக்குத் தெரியாது. மறுபடி `2`: ‘தேவையான ஆவணங்கள்’. மறுபடி `2`: ‘தேவையான ஆவணங்கள்’. ஒரே பகுதியைக் கருவி இருமுறை சொல்கிறதோ என்று எண்ணத் தோன்றும். வாரிசு முறை மாறுதல் மூன்றாம் நிலையில் இருப்பதால் இந்தத் தாவலில் அது காதில் விழவே விழாது. மூன்று வகைகளில் ஒன்று மட்டுமே இருக்கிறது என்ற முடிவோடு அவர் பக்கத்தை மூடிவிட வாய்ப்பிருக்கிறது. திருத்திய பக்கத்தில் அதே `2` விசையை மூன்று முறை அழுத்தினால் மூன்று வகைகளும் வரிசையாக ஒலிக்கும். வேண்டிய இடத்தில் நின்று ஒருமுறை `3` அழுத்தினால் அதற்குரிய ஆவணங்கள் கிடைக்கும்.

அணுகல்தன்மைக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிகளிலும் இதற்கு இடம் உண்டு. கண்ணுக்குத் தலைப்பாகத் தெரிவது குறியிலும் தலைப்பாக இருக்க வேண்டும் என்பது 1.3.1-ஆம் விதியின் கீழ் வரும். தலைப்பின் சொற்கள் அந்தப் பகுதியில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்பது 2.4.6. நிலை தாண்டுவதை மட்டும் தனியொரு தவறாக அந்த நெறிகள் எண்ணுவதில்லை. அதனால் தானியங்கிச் சோதனையில் தேறிவிட்ட ஒரு பக்கம், மேலே பார்த்தது போல ஒருவரைத் திசைமாற்றி அனுப்பவும் கூடும்.

## கிராலர் என்ன பார்க்கிறது, எதைப் பொருட்படுத்துவதில்லை

தலைப்பு வரிசை ஒழுங்காக இருந்தால் கூகுளில் பக்கம் மேலே வரும் என்று பல வழிகாட்டிகள் எழுதுகின்றன. கூகுள் தானே சொல்வது அதுவல்ல. தொடக்க நிலையினருக்காக அது வெளியிட்டிருக்கும் வழிகாட்டியில், தலைப்புகள் ஒழுங்கான வரிசையில் இருப்பது திரைவாசிப்பான்களுக்கு மிக நல்லது, ஆனால் தேடலைப் பொறுத்தவரை வரிசை மாறியிருந்தாலும் பொருட்டில்லை என்று வெளிப்படையாகவே கூறியிருக்கிறது. ஒரு பக்கத்தில் இத்தனை தலைப்புகள்தான் இருக்க வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட `<h1>` இருந்தால் தண்டனை என்பதும் வெறும் நம்பிக்கை. இணையத்தில் உள்ள பக்கங்களில் பெரும்பாலானவை எச்.டி.எம்.எல். இலக்கணப்படி எழுதப்படாதவை; அந்த இலக்கணத்தை மட்டுமே நம்பி ஒரு தேடுபொறியை இயக்க முடியாது என்பதே இதற்குக் காரணம்.

அப்படியானால், தேடுபொறிக்காகப் பக்கங்களைப் படித்துச் சேகரிக்கும் நிரலான கிராலருக்குத் தலைப்புகளால் பயனே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது வேறு வழியில் வருகிறது. ஒரு பத்தி எதைப் பற்றியது என்று அறிய அந்தப் பத்தியின் சொற்கள் மட்டும் பல நேரங்களில் போதா. ‘இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இணைக்கவும்’ என்ற வரி பட்டாவுக்கும் பொருந்தும், வங்கிக் கணக்குக்கும் பொருந்தும், குடும்ப ஓய்வூதியத்துக்கும் பொருந்தும். அதன் மேலே ‘வாரிசு முறையில் பட்டா மாறுதல்’ என்ற தலைப்பு இருக்கும்போதுதான் அந்த வரியின் இடம் உறுதியாகிறது. தடித்த எழுத்தில் போட்ட வரியையும் கூகுள் ஓரளவு தலைப்பாக ஊகிக்கக்கூடும். ஆனால் குறியிட்ட தலைப்பில் ஊகத்துக்கு வேலையே இல்லை.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை முடிவு ஒன்று உண்டு. கிராலருக்காகச் செலவிடும் நேரத்தை நிலை எண்களில் செலவிடாமல் தலைப்பின் சொற்களில் செலவிட வேண்டும். நிலை எண்களைக் காதால் படிப்பவருக்காகச் சரியாக வைக்க வேண்டும். இரண்டு வேலைகளும் ஒரே தலைப்பில் நடப்பதால் அவற்றை ஒன்றென்று எண்ணிவிடுகிறோம்.

சொற்களைப் பொறுத்தவரை, மூன்று இடங்களில் வரும் ‘தேவையான ஆவணங்கள்’ என்பதை ‘வாரிசு முறை மாறுதலுக்கான ஆவணங்கள்’ என்பது போலத் தனித்தனியாக எழுதுவது நல்லது. மேலே உள்ள `<h2>`-ஐப் படித்துவிட்டு வருபவருக்கு அது கூறியது கூறல் போலத் தோன்றலாம். ஆனால் தலைப்புப் பட்டியலில் அகர வரிசையில் தேடுபவரும், யாரோ அனுப்பிய இணைப்பின் வழியாக நேரே அந்தப் பகுதியில் வந்து இறங்குபவரும் மேலே உள்ளதைப் படித்திருக்க மாட்டார்கள். அதற்காக ஒவ்வொரு தலைப்பிலும் ‘பட்டா மாறுதல் 2024’, ‘பட்டா மாறுதல் ஆன்லைன்’ என்று தேடற்சொற்களைத் திணிக்கத் தேவையில்லை. தலைப்பு அடுத்த தலைப்பிலிருந்து தன்னை வேறுபடுத்திக் காட்டினால் போதுமானது.

## `<title>` வேறு, `<h1>` வேறு

பக்கத்தின் பெயர் இரண்டு இடங்களில் எழுதப்படுகிறது. `<title>` என்பது பக்கத்தின் உடலுக்கு வெளியே, `<head>` பகுதியில் இருப்பது. உலாவியின் தாவலிலும், புக்மார்க்கிலும், பெரும்பாலும் தேடல் முடிவிலும் தெரிவது அதுதான். திரைவாசிப்பான் பக்கம் திறந்தவுடன் முதலில் சொல்வதும் அதையே. `<h1>` பக்கத்துக்குள் கண்ணால் காணும் பெயர். இரண்டும் ஒரே பொருளைச் சொல்ல வேண்டும், ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. `<title>`-இன் இறுதியில் தளத்தின் பெயரைச் சேர்ப்பது வழக்கம்; `<h1>`-இல் அதற்கு இடமில்லை.

`<title>`-ஐ எப்படி எழுதினாலும் தேடல் முடிவில் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் கூகுள் முடிவுகளின் தலைப்பை உருவாக்கும் முறையை மாற்றியது. `<title>` பொருத்தமில்லாமல் இருந்தால், பக்கத்தில் பெரிதாகத் தெரியும் தலைப்பு, `<h1>` முதலிய தலைப்புக் குறிகள், பக்கத்துக்கு வரும் இணைப்புகளின் சொற்கள் ஆகியவற்றிலிருந்து வேறொன்றைக் கூகுள் எடுத்துக்கொள்ளும். அதற்கு அடுத்த மாதம் அது தந்த விளக்கத்தின்படி, 87 சதவீத நேரங்களில் `<title>`-ஏ பயன்படுகிறது. மீதமுள்ள இடங்களில் அது கைவிடப்படுவதற்கான காரணங்களையும் சொல்லியிருக்கிறார்கள்: வெற்றாக விடப்பட்ட `<title>`, எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே `<title>`, மிக நீண்டது, பழைய ஆண்டைத் தாங்கி நிற்பது. கடைசிக் காரணத்தைத் தமிழ்த் தளங்களில் நிறையவே காணலாம். `<h1>`-இல் இந்த ஆண்டு என்று திருத்தியவர் `<title>`-இல் இரண்டு ஆண்டுக்கு முந்தைய எண்ணை மறந்துவிட்டிருப்பார்.

தேடல் முடிவில் தலைப்பு எத்தனை எழுத்தில் வெட்டப்படும் என்பதற்கு நிலையான எண்ணிக்கை கிடையாது. திரையின் அகலத்தைப் பொறுத்தே வெட்டப்படுகிறது. தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் ஆங்கிலத் தலைப்புகளுக்குச் சொல்லப்படும் எழுத்துக் கணக்கை அப்படியே பின்பற்றக் கூடாது. ‘மனை வாங்கியவர்களே, இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்: பட்டா மாறுதல்’ என்று எழுதினால் கைபேசியில் பட்டா என்ற சொல்லே தெரியாமல் போகலாம். ‘பட்டா மாறுதல்: ஆவணங்கள், விண்ணப்பிக்கும் முறை’ என்று பொருளை முன்னால் வைத்தால் எங்கே வெட்டினாலும் பொருள் நிற்கும்.

## வார்ப்புரு செய்யும் குழப்பம்

எழுதுபவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் படிநிலை குலைவதுண்டு, ஏனெனில் பக்கத்தில் இருக்கும் தலைப்புகள் அனைத்தும் அவர் எழுதியவை அல்ல. தமிழில் இணைய எழுத்து பரவியதில் பிளாக்கருக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் பழைய வார்ப்புருக்கள் பல இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. அவற்றில் தளத்தின் பெயர் `<h1>`, தேதி `<h2>`, பதிவின் பெயர் `<h3>`, பக்கப்பட்டியில் உள்ள கருவிகளின் பெயர்கள் மறுபடி `<h2>`. பதிவுக்குள் எழுதுபவர் தலைப்பு என்று தேர்ந்தெடுத்தால் அதற்கு `<h2>` விழுகிறது. விளைவாக, பட்டா மாறுதல் என்ற பதிவு ஏதோ ஒரு வியாழக்கிழமையின் உட்பகுதியாகவும், ‘உட்பிரிவுடன் மாறுதல்’ என்ற உட்தலைப்பு பதிவின் பெயரைவிட உயர்ந்ததாகவும் ஆகிவிடுகிறது. பதிவுப் பக்கத்தில் பதிவின் பெயரை `<h1>` ஆகவும், தளத்தின் பெயரைச் சாதாரணப் பத்தியாகவும், தேதியைத் தலைப்பல்லாத வரியாகவும் வார்ப்புருவில் ஒருமுறை மாற்றிவிட்டால் பழைய பதிவுகள் எல்லாம் சேர்ந்தே சீராகும்.

இன்னொரு குழப்பம் செய்தித் தளங்களில் கட்டுரையின் நடுவே வரும் ‘இதையும் படிங்க’ என்ற பெட்டி. அதை `<h2>` அல்லது `<h3>` ஆகக் குறியிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. எச்.டி.எம்.எல்.-இல் தலைப்புக்குத் தொடக்கம் உண்டு, அது ஆளும் பகுதிக்கு முடிவுக் குறி கிடையாது. அதே நிலையிலோ அதற்கு மேலான நிலையிலோ அடுத்த தலைப்பு வரும்வரை எல்லாமே அதன் பகுதிதான். வாரிசு முறை மாறுதலின் இரண்டாம் பத்திக்கும் மூன்றாம் பத்திக்கும் நடுவே ‘இதையும் படிங்க’ தலைப்பாக வந்து நின்றால், மூன்றாம் பத்தி முதல் எல்லாம் அந்தப் பெட்டியின் கீழே சேர்ந்துவிடும். தலைப்பு வழியாகத் தாவி வருபவர், வாரிசு முறை பற்றிய செய்தி இரண்டு பத்தியோடு முடிந்தது என்று நினைத்து அடுத்ததற்குப் போய்விடுவார். அந்தப் பெட்டியை `<aside>`-க்குள் வைத்து, அதன் பெயரை `<p>` ஆக்குவதே இதற்குத் தீர்வு.

எல்லாப் பகுதிகளுக்கும் `<h1>` போட்டுவிடலாம், `<section>` எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அதைப் பார்த்து உலாவியே நிலையைக் கணக்கிட்டுக்கொள்ளும் என்ற அறிவுரையும் பழைய பாடநூல்களிலும் பயிற்சிகளிலும் இருக்கிறது. எச்.டி.எம்.எல்.5 உருவானபோது அப்படி ஒரு கணக்கீட்டு முறை விதிநூலில் எழுதப்பட்டது உண்மை. ஆனால் எந்த உலாவியும் அதைத் திரைவாசிப்பான்களுக்குக் கொண்டுசேர்க்கும் வகையில் நடைமுறைப்படுத்தவில்லை. உள்ளே இருந்த `<h1>`-ஐச் சிறிய எழுத்தில் காட்டியதோடு நின்றுவிட்டார்கள். அதனால் பார்ப்பவருக்கு ஒழுங்கு தெரிந்தது, கேட்பவருக்கு எல்லாம் முதல் நிலையாகவே ஒலித்தது. 2022-இல் அந்த முறை விதிநூலிலிருந்து நீக்கப்பட்டது. இப்போது உலாவிகள் அந்தச் சிறிய எழுத்து வழக்கத்தையும் கைவிட்டு வருகின்றன; ஆகவே அந்த அறிவுரையை நம்பிக் கட்டிய பக்கங்களில் திடீரென்று எல்லாத் தலைப்புகளும் ஒரே அளவில் தெரியக்கூடும்.

## நகலெடுக்கும் இணைப்பும் சோதனையும்

ஒவ்வொரு `<h2>`-க்கும் ஒரு `id` கொடுத்துவிட்டால் அந்தப் பகுதிக்கு நேரடி இணைப்பு கிடைக்கும். பக்கத்தின் மேலே உள்ளடக்கப் பட்டியலையும் அதைக் கொண்டு அமைக்கலாம். அந்தப் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், உலாவிகள் ஏற்றுக்கொள்ளும். ஆனால் முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரிந்துவிடும். ‘ஆவணங்கள்’ என்ற சொல்லில் யூனிகோடு கணக்கில் எட்டுக் குறிகள் உள்ளன. முகவரியில் அது `%E0%AE%86` என்று தொடங்கி 72 எழுத்துக்கு நீளும். இணைப்பு வேலை செய்யும், ஆனால் பார்ப்பவர் அதைச் சந்தேகத்தோடு பார்ப்பார், சில செயலிகள் நடுவிலேயே வெட்டியும் விடும். இந்த ஓர் இடத்தில் மட்டும் `id="aavanangal"` என்று ரோமன் எழுத்தில் எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன். தலைப்பின் சொற்களைப் பின்னாளில் திருத்தினாலும் `id`-ஐ மாற்றக் கூடாது. மாற்றினால் ஏற்கெனவே பகிரப்பட்ட இணைப்புகள் எல்லாம் பக்கத்தின் உச்சியிலேயே நின்றுவிடும். செருகுநிரல்கள் தலைப்பின் சொற்களிலிருந்து `id`-ஐத் தாமாக உருவாக்கும் தளங்களில் இது எழுதுபவருக்குத் தெரியாமலேயே நடக்கும்.

படிநிலையைச் சோதிக்கக் கருவி எதையும் நிறுவத் தேவையில்லை. கணினியில் பக்கத்தைத் திறந்து, `F12` அழுத்தி, கன்சோலில் இந்த ஒரு வரியை ஒட்டினால் போதும்.

```js
document.querySelectorAll('h1,h2,h3,h4,h5,h6')
  .forEach(h => console.log(h.tagName, h.textContent.trim()))
```

பக்கத்தில் இருக்கும் எல்லாத் தலைப்புகளும் நிலையோடு வரிசையாக வரும். எழுதும் திரையில் பார்ப்பதைவிட இங்கே பார்ப்பதே நம்பகமானது, ஏனெனில் வார்ப்புருவும் செருகுநிரலும் சேர்த்த தலைப்புகளும் இதில் தெரியும். வேர்ட்பிரஸின் தொகுப்பானில் உள்ள அவுட்லைன் பட்டியல் பயனுள்ளதுதான், ஆனால் அது எழுதுபவர் போட்ட தலைப்புகளைத்தான் காட்டும்; பக்கப்பட்டியும் ‘இதையும் படிங்க’ பெட்டியும் அதில் வாரா. கன்சோலில் வந்த பட்டியலை, கட்டுரையின் உடலைப் பார்க்காமல், அதை மட்டும் படிக்க வேண்டும். பட்டா பற்றி ஒன்றும் அறியாத ஒருவர் அந்தப் பட்டியலைக் கொண்டே மூன்று வகைகள் உண்டென்றும், எந்த ஆவணம் எந்த வகைக்கு என்றும் சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியவில்லையென்றால் எந்த வரியில் தடுமாறினாரோ அந்த வரியின் எண்ணிலோ சொல்லிலோதான் பிழை இருக்கும்.

கூகுள் டாக்ஸிலோ வேர்டிலோ எழுதி ஒட்டுபவர்கள் ஒட்டியவுடனே இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. அங்கே ஸ்டைல் பட்டியலிலிருந்து தலைப்பு நிலையைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது `<h2>`, `<h3>` என்று சரியாக வந்து சேரும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கி மட்டும் விட்டிருந்தால் தடித்த பத்தியாகத்தான் வரும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும், பட்டியலில் அந்த வரி இருக்காது. வார்ப்புருவை மாற்றும் நாளிலும் பழைய பதிவு ஒன்றைத் திறந்து இதே சோதனையைச் செய்ய வேண்டும்: புதிய வார்ப்புரு பதிவின் பெயரைத் தானே `<h1>` ஆக்கும் வகையாக இருந்து, பழைய பதிவுகளுக்குள்ளும் கையால் போட்ட `<h1>` இருந்தால், ஒரே பெயர் இரண்டு முறை ஒலிக்கும்.